பெயரை அறிதலும் பெயரால் ஆளுதலும்: லெ குவினின் ஏர்த்சீ கதைகளை முன்வைத்து

மாயக் கதைகளை விரும்பி வாசிக்கிறவர்களுக்கு ஒரு விதி நன்றாகத் தெரிந்திருக்கும். பூதமோ, ட்ராகனோ, சூனியக்காரனோ, அதன் உண்மையான பெயரைத் தெரிந்துகொண்டவனுக்கு அது கட்டுப்படும். தெரியாதவன் வாளோடு போனாலும் தோற்றுத்தான் திரும்புவான். இந்த விதியை ஆங்கில மாயப் புனைவு இன்று ஒரு வழமையாகவே ஆக்கிவிட்டது. ஏன் இப்படி என்று பெரும்பாலான கதைகள் கேட்பதில்லை. பெயர் ஒரு சாவி, பூட்டு திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியைக் கேட்டு, நாற்பது வருடத்துக்குக் கிட்டத் தன் பதிலைத் தானே திருத்திக்கொண்டு வந்த ஒருவர் இருந்தார். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின். 1964இல் வந்த இரண்டு சிறுகதைகளில் தொடங்கி 2001 வரை நீண்ட அவருடைய ஏர்த்சீ வரிசை முழுவதும் மெய்ப்பெயரைச் சுற்றித்தான் சுழல்கிறது. பெயரை அறிவது ஏன் அதிகாரமாகிறது, அந்த அதிகாரம் எங்கே பிழைத்துப்போகிறது என்பதை அந்தக் கதைகளைக் கொண்டே பார்க்கலாம்.

1

முதலில் பழைய கதைகள் இரண்டு. எகிப்தில் கிடைத்த, மூவாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட பபைரஸ் சுவடி ஒன்றில் ஐசிஸ் என்ற தெய்வப் பெண் சூரிய தெய்வமான ராவை ஏமாற்றும் கதை இருக்கிறது. ரா கிழவனாகி வாயில் எச்சில் வடியத் திரிகிறான். ஐசிஸ் அந்த எச்சிலை மண்ணோடு பிசைந்து ஒரு பாம்பைச் செய்து அவன் போகும் பாதையில் விடுகிறாள். பாம்பு தீண்டுகிறது. விஷத்தை இறக்குகிறேன், உன் பெயரைச் சொல் என்கிறாள். ரா தன் பெயர்களை அடுக்குகிறான். காலையில் நான் இன்னார், நண்பகலில் இன்னார், மாலையில் இன்னார் என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். விஷம் இறங்கவில்லை. கடைசியில், பிறந்த நேரம் முதல் நெஞ்சுக்குள் மறைத்து வைத்திருந்த பெயரை அவளுக்கு மட்டும் கொடுக்கிறான். அப்போதுதான் உயிர் பிழைக்கிறான். அந்தப் பெயர் என்ன என்று சுவடி வாசகனுக்குச் சொல்வதில்லை.

மற்றது ஜெர்மானியக் கதை. கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சேற்றிய ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின். வைக்கோலைப் பொன்னாக நூற்றுக் கொடுத்த குள்ளன் அதற்குக் கூலியாக ராணியின் பிள்ளையைக் கேட்கிறான். மூன்று நாளைக்குள் என் பெயரைக் கண்டுபிடித்தால் பிள்ளையை விட்டுவிடுகிறேன் என்கிறான். காட்டில் நெருப்பைச் சுற்றி ஆடிக்கொண்டு அவன் தன் பெயரைத் தானே பாடியதை ராணியின் தூதன் ஒருவன் கேட்டுவிடுகிறான். பெயர் தெரிந்ததும் குள்ளன் அழிந்துபோகிறான்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஊர் வழங்கும் பெயர் வேறு, உள்ளே இருக்கும் பெயர் வேறு. உள்ளே இருக்கும் பெயர் உடம்பின் ஒரு பகுதியைப் போன்றது. நகத்தையும் முடியையும் எதிரி கையில் விடக்கூடாது என்று நம்பிய மக்கள் பெயரையும் அப்படித்தான் நினைத்தார்கள். ஜேம்ஸ் பிரேஸர் தன் ‘பொற்கிளை’ நூலில் இத்தகைய விலக்குகளை உலகெங்கும் இருந்து தொகுத்திருக்கிறார். சொந்தப் பெயரைச் சொல்லாத மக்கள், இறந்தவரின் பெயரை உச்சரிக்காத மக்கள், அரசனின் பெயரை வாயில் எடுக்காத மக்கள் என்று பட்டியல் நீள்கிறது. எங்கட ஊர்களில் முந்தைய தலைமுறைப் பெண்கள் கணவரின் பெயரைச் சொல்லாமல் “இஞ்சாருங்கோ” என்றோ “புள்ளைட வாப்பா” என்றோ கூப்பிட்டதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே பயத்தைவிட மரியாதைதான் கூட. என்றாலும் பெயர் சும்மா ஒரு ஒலியல்ல, அது ஆளைத் தொடும் என்ற உணர்வு இரண்டிலும் ஒன்றுதான்.

2

இந்த நம்பிக்கை மொழியைப் பற்றிய ஒரு கருத்தையும் சுமந்து வருகிறது. அதை விளக்கத் தமிழ் இலக்கணமே போதும். பெயர்களை நன்னூலார் இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்று பிரிக்கிறார். மரம் என்ற பெயருக்கு நாம் காட்டக்கூடிய காரணம் எதுவுமில்லை. முன்னோர் இட்டார்கள், நாம் வழங்குகிறோம். பறவை என்பது பறப்பதால் வந்த பெயர். நன்னூலுக்கு முன்னமே தொல்காப்பியர் உரியியலில் இன்னும் கவனமாக ஒன்றைச் சொல்லி வைத்தார்: ஒரு சொல் இந்தப் பொருளை ஏன் உணர்த்துகிறது என்பதன் காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்காது. காரணமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. வெளிப்படையாகத் தெரியாது என்றுதான் சொன்னார்.

மாயப் புனைவின் மெய்ப்பெயர் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. நாம் வழங்கும் சொற்கள் எல்லாம் இடுகுறியாக இருக்கலாம். ஆனால் எங்கேயோ ஒரு மொழி இருக்கிறது, அதில் ஒவ்வொரு சொல்லும் முழுக்க முழுக்கக் காரணப் பெயர் என்பது அதன் கற்பனை. காரணப் பெயரிலும் பறவை என்பது பறத்தல் என்ற ஒரு குணத்தை மட்டும்தான் பிடிக்கிறது. மெய்ப்பெயரோ பொருளின் எல்லாக் குணத்தையும் மிச்சமில்லாமல் பிடிக்கும். அப்படிப்பட்ட சொல்லை உச்சரிப்பதும் அந்தப் பொருளைக் கையில் எடுப்பதும் ஒன்றாகிவிடும். ஆகவே பெயருக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், முழுமையான அறிவிலிருந்து என்பதுதான் விடை. ஒலிக்குத் தனியாக மந்திரம் எதுவுமில்லை. லெ குவின் தன் எழுத்தின் உயிராக எடுத்துக்கொண்டது இந்த விடையைத்தான்.

3

ஏர்த்சீ என்பது நூற்றுக்கணக்கான தீவுகள் கொண்ட ஒரு கற்பனைக் கடலுலகம். அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். ஊரார் கூப்பிடுவது வழங்குபெயர். பருவம் வரும்போது, ஏறத்தாழப் பதின்மூன்று வயதில், தகுதியுள்ள ஒருவர் கொடுப்பது மெய்ப்பெயர். அதை உயிர் நண்பனுக்கோ மனைவிக்கோ தவிர யாருக்கும் சொல்வதில்லை. 1968இல் வந்த முதல் நாவலான ‘எ விஸார்ட் ஆஃப் ஏர்த்சீ’யின் நாயகனை ஊரார் பருந்தின் பெயரால் கூப்பிடுகிறார்கள். அவனுடைய மெய்ப்பெயர் கெட்.

கெட் ஏழு வயதுப் பொடியனாக ஆடு மேய்க்கும்போதே இந்த நாவல் தன் முதல் எச்சரிக்கையைத் தந்துவிடுகிறது. அவனுடைய தாயின் சகோதரி ஊரில் சின்னச் சின்னச் சூனிய வேலை செய்பவள். கூரையில் ஏறி நின்ற ஆட்டை அவள் ஒரு பாட்டுச் சொல்லி இறக்கியதை அவன் கேட்டுக்கொள்கிறான். அடுத்த நாள் மலையில் நின்று, அர்த்தம் தெரியாமல், அதையே உரத்துக் கத்துகிறான். ஆடுகள் எல்லாம் சத்தமில்லாமல் ஓடி வந்து அவனைச் சூழ்ந்துகொள்கின்றன. சிரித்துக்கொண்டு மறுபடியும் கத்துகிறான். இன்னும் நெருக்குகின்றன. பயந்து ஓடினால் அவையும் சேர்ந்து ஓடுகின்றன. கடைசியில் அவள் வந்துதான் அவிழ்த்துவிட வேண்டியிருக்கிறது. கூப்பிடத் தெரிந்தவனுக்குப் போகச் சொல்லத் தெரியவில்லை. சொல் வாய்க்கு வந்துவிட்டது, அறிவு வரவில்லை. பின்னால் வரப்போகும் பெரிய ஆபத்துக்களின் உருவம் முழுவதும் இந்தச் சின்னச் சம்பவத்துக்குள் இருக்கிறது.

பிறகு அவன் ரோக் தீவின் மந்திரக் கல்லூரிக்குப் போகிறான். அங்கே பெயர்க் கலையைக் கற்பிக்கும் ஆசிரியர் தனிமைக் கோபுரம் ஒன்றில் இருக்கிறார். பாடம் என்ன தெரியுமா? மனனம். ஒரு சிறு தீவின் கரையிலுள்ள ஒவ்வொரு முனைக்கும், குடாவுக்கும், பாறைக்கும் உரிய மெய்ப்பெயர்கள் வரிசையாக எழுதிய தாள் ஒன்று கொடுக்கப்படும். நள்ளிரவில் மை மங்கித் தாள் வெறுமையாகிவிடும். அதற்குள் பாடமாக்க வேண்டும். ஓதல் பள்ளியில் பாடம் ஒப்புவித்து வளர்ந்த எங்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது.

இவ்வளவு சிரமம் என்னத்துக்கு? அந்த ஆசிரியரே காரணம் சொல்கிறார். கடல் முழுவதற்கும் ஒரே சொல் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லால் கடலை ஆள முடியாது. இந்தக் குடாவின் நீர், அந்தப் பாறை இடுக்கின் நீர் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. தன் அருகே இருப்பதை, சரியாகவும் முழுமையாகவும் பெயரிட முடிந்ததை மட்டும்தான் மந்திரவாதி ஆள முடியும். நன்னூல் மொழியில் சொன்னால் பொதுப்பெயரால் பயனில்லை, சிறப்புப்பெயர் வேண்டும். வாழ்நாள் முழுக்கப் படித்தாலும் எல்லாப் பெயரும் கிடைக்காது என்பதால் யாரும் உலகத்தை ஆளவும் முடியாது.

கதை கட்டுவதில் இது பெரிய விஷயம். மந்திரம் வரும் கதைகளின் நிரந்தர நோய் ஒன்று உண்டு: மந்திரத்தால் எல்லாம் முடியும் என்றால் நாயகனுக்கு இடைஞ்சலே இல்லை, கதையும் இல்லை. லெ குவின் மந்திரத்துக்குப் படிப்பு என்ற விலையை வைத்தார். எல்லையை உள்ளேயே கட்டினார். ஒரு கூழாங்கல்லை வைரமாகத் தோன்றச் செய்வது எளிது. அது வெறும் கண்கட்டு. உண்மையிலேயே வைரமாக்க வேண்டுமானால் கல்லின் மெய்ப்பெயரை மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் உலகத்தின் ஒரு துண்டை மாற்றியதாகிவிடும், அதன் விளைவு எங்கே போய் முடியும் என்று தெரியாமல் செய்யக்கூடாது என்று கெட்டின் இன்னொரு ஆசிரியர் எச்சரிக்கிறார்.

4

பெயரை அறிந்தவன் ஆள்கிறான் என்ற விதியை லெ குவின் ஒரே ட்ராகனை வைத்து இரண்டு தடவை சோதித்திருக்கிறார். ஒருமுறை விதி வெல்கிறது, மறுமுறை அதே பெயர் சொன்னவனையே விழுங்குகிறது.

நாவலில் பெண்டோர் தீவின் கிழட்டு ட்ராகனிடம் கெட் தனியாகப் படகில் போகிறான். அது அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. அவன் பழைய வரலாறுகளைப் படித்தவன். முன்னொரு காலத்தில் வேறொரு தீவிலிருந்து விரட்டப்பட்ட ட்ராகன் ஒன்றின் கதை ஞாபகத்தில் இருக்கிறது. அதுதான் இது என்று ஊகித்து, “யெவோட்” என்று பெயர் சொல்கிறான். ட்ராகன் உறைந்துபோகிறது. ஊகம் சரி. உடனே அது பேரம் பேசுகிறது. கெட்டைத் துரத்தும் நிழலின் பெயரை நான் சொல்கிறேன், என்னை விட்டுவிடு என்கிறது. கெட்டுக்கு அந்த நேரத்தில் உலகத்தில் வேறு எதுவும் அவ்வளவு தேவையில்லை. ஆனால் அவன் வந்தது தன்னை நம்பியிருக்கும் மீனவர்களைக் காப்பாற்ற. பேரத்தை மறுத்து, இனித் தீவுக்கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று அதன் பெயராலேயே சத்தியம் வாங்குகிறான்.

இங்கே ஒரு நுட்பமும் உண்டு. ஆதிமொழியில் மனிதன் பேசினால் பொய் சொல்ல முடியாது. ட்ராகன்களுக்கோ அது தாய்மொழி. அதில் உண்மையைத் திரித்துப் பேச அவற்றுக்குத் தெரியும். கற்றுத் தேர்ந்தவனை மொழி கட்டுப்படுத்துகிறது, அதிலேயே பிறந்தவன் மொழியோடு விளையாடுகிறான். மொழி கற்பிக்கிற யாரும் யோசிக்க வேண்டிய இடம் இது.

நாவலுக்கு நான்கு வருடம் முன்னம் வந்த ‘த ரூல் ஆஃப் நேம்ஸ்’ சிறுகதையில் இதே யெவோட்தான். சின்னத் தீவொன்றில் குன்றுக்கடியில் குகை வீட்டில் அண்டர்ஹில் என்ற பருத்த குட்டையான மந்திரவாதி வாழ்கிறார். அவருடைய மந்திரங்கள் பெரும்பாலும் பிழைத்துப்போகும். தீவில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் இருக்கிறார், பழனி என்று வாசிக்கத் தோன்றும் பெயர் அவருக்கு. அவர் பிள்ளைகளுக்குப் பெயர் விதிகள் இரண்டைப் படிப்பிக்கிறார்: மற்றவரின் மெய்ப்பெயரைக் கேட்காதே, உன்னுடையதைச் சொல்லாதே. பிறகு வெளியூரிலிருந்து கறுப்புத் தாடிக்காரன் ஒருவன் வருகிறான். அவனுடைய முன்னோரின் புதையலைப் பெண்டோர் தீவில் ஒரு ட்ராகன் பறித்து வைத்திருந்தது. இப்போது ட்ராகனையும் காணவில்லை, புதையலையும் காணவில்லை. யாரோ ஒரு மந்திரவாதி ட்ராகனைக் கொன்று புதையலோடு இங்கே ஒளிந்திருக்கிறான் என்பது அவன் கணக்கு. மந்திரத்தால் தேடிப் பெயரையும் கண்டுபிடித்துவிட்டான்.

இருவரும் மாறி மாறி உருவெடுத்துச் சண்டை பிடிக்கிறார்கள். அண்டர்ஹில் ட்ராகனாக நிற்கும்போது தாடிக்காரன் மெய்ப்பெயரைச் சொல்லி, உன் சொந்த உருவத்துக்கு வா என்று கட்டளையிடுகிறான். ட்ராகன் ட்ராகனாகவே நிற்கிறது. அதுதான் அதன் சொந்த உருவம். அந்தக் குட்டை மனிதர்தான் வேஷம். பெயர் சரி, விதியும் பிழைக்கவில்லை, கட்டளையும் நிறைவேறியது. ஆனால் அந்தப் பெயர் யாருடையது என்பதை அவன் அறிந்திருக்கவில்லை. யெவோட் அவனைக் கொன்றுவிடுகிறது.

கெட்டுக்கும் தாடிக்காரனுக்கும் கிடைத்தது ஒரே சொல். கெட் அதற்கு வரலாற்றின் வழியாக வந்தான். பெயரோடு பெயருக்குரியவனும் அவனுக்குத் தெரிந்திருந்தது. தாடிக்காரன் பெயரை மட்டும் பிடுங்கி எடுத்துவந்தான். முழு அறிவின் சுருக்கமாக இருக்கும்வரைதான் மெய்ப்பெயருக்குப் பலம். அறிவைக் கழித்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டால் மலையில் ஆடு கூப்பிட்ட பொடியனின் நிலைதான்.

5

கெட்டைத் துரத்தும் நிழலுக்குப் பெயரில்லை என்று கல்லூரியின் தலைவர் சொல்கிறார். படிக்கிற காலத்தில் ஒரு சக மாணவனோடு போட்டி போட்டு, இறந்தவள் ஒருத்தியின் ஆவியை அழைக்கப் போய், பெருமையால் அவனே உலகத்துக்குள் விட்ட பொருள் அது. பெயரில்லாததை ஆள வழியில்லை. அதற்கோ இவன் பெயர் தெரியும். வடக்கே ஒஸ்கில் தீவில், வழிகாட்டியாகக் கூட வந்தவன் உடலுக்குள் புகுந்திருந்த நிழல் சட்டென்று திரும்பி அவனைக் “கெட்” என்று கூப்பிடுகிறது. அந்தக் கணத்தில் அவன் கற்ற மந்திரங்களில் ஒன்றும் கைகொடுக்கவில்லை.

முடிவில் உலகத்தின் விளிம்பில், கடலே மணலாய் இறுகிய ஓரிடத்தில், கெட்டும் நிழலும் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். அது “கெட்”. நிழலின் பெயர் அவனுடைய பெயர்தான். பெயர் மந்திரத்தின் தர்க்கம் இதற்கு மேல் போக முடியாது. இங்கே வென்றவனும் இல்லை, கட்டுப்பட்டவனும் இல்லை. தன்னில் தான் மறுத்த பகுதிக்குத் தன் பெயரையே கொடுத்து அதை ஏற்றுக்கொள்கிறான்.

இந்த முடிவுக்கு அவனோடு கடைசிவரை படகில் வந்தவன் வெட்ச் என்ற நண்பன். காயமும் அவமானமுமாய்க் கெட் தனித்திருந்த காலத்தில் வெட்ச் தன் மெய்ப்பெயரை அவனிடம் கேட்காமலே சொல்லியிருந்தான். என்னை அழிக்கக்கூடிய ஆயுதத்தை உன் கையில் தருகிறேன் என்பது அதன் பொருள். ஆகவே ஏர்த்சீயில் ஒரு பெயரை அறிய இரண்டு வழி: பறித்தல், பெறுதல். ஐசிஸும் தாடிக்காரனும் பறித்தார்கள். கெட்டுக்கு நண்பன் தந்தான். நாவலில் அவனைக் காப்பாற்றியது பெற்ற பெயர்தான் என்பது என் வாசிப்பு.

6

லெ குவினின் தந்தை அல்பிரட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியலாளர். 1911 ஓகஸ்டில் கலிபோர்னியாவின் ஒரோவில் நகருக்கு அருகே, பசியால் வாடிய ஒரு மனிதர் தனியாக வெளிப்பட்டார். வெள்ளைக் குடியேறிகளின் படுகொலைகளில் அழிந்த யாஹி மக்களில் எஞ்சிய கடைசி ஆள் அவர். குரோபரும் சகாக்களும் அவரைச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்த பல்கலைக்கழக நூதனசாலையில் தங்கவைத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் பெயர் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. தன் பெயரைத் தானே சொல்வது அவருடைய மக்களின் வழக்கமல்ல. அவரை அறிமுகப்படுத்திப் பெயர் சொல்ல அவருடைய ஆட்களில் ஒருவரும் உயிரோடில்லை. கடைசியில் குரோபர் அவரை ‘இஷி’ என்று அழைத்தார். அவருடைய மொழியில் மனிதன் என்பதுதான் அதன் பொருள். 1916இல் அவர் இறந்தபோது அந்தப் பெயர் அவரோடு போய்விட்டது. அவருடைய மொழியையும் வில்லையும் அம்பையும் பதிவுசெய்தவர்களால் பெயரை மட்டும் பதிவுசெய்ய முடியவில்லை.

லெ குவின் பிறந்தது 1929இல். அவருடைய தாய் தியோடோரா குரோபர் இஷியின் வரலாற்றை 1961இல் நூலாக வெளியிட்டார். மூன்று வருடத்தில் மகளின் முதல் ஏர்த்சீ கதைகள் வருகின்றன. ஒன்றிலிருந்து மற்றது நேரே வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெயரை மறைத்து வைத்தல் சிலருக்குக் கடைசியாக மிஞ்சும் சொத்து என்பதை அந்தக் குடும்பம் அறிந்திருந்தது. இஷி என்பது பொதுப்பெயர், எந்த மனிதனுக்கும் பொருந்துவது. தன் சிறப்புப்பெயரை அவர் யாருக்கும் பறிகொடுக்கவில்லை.

இரண்டாம் நாவலான ‘த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ (1971) இதன் மறுபக்கம். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைத் தெய்வங்களுக்குப் பலியாக்கும் சடங்கில் அவளுடைய பெயரைப் பிடுங்கி, ‘அர்ஹா’ என்று பெயர் வைக்கிறார்கள். விழுங்கப்பட்டவள் என்பது பொருள். வளர்ந்து இருட்டுக்குள் பூசாரினியாக வாழும் அவளிடம் கெட் சிறைப்படுகிறான். அவன் தன் கலையால் அவளுடைய பெயரை அறிந்துகொள்கிறான். வழமையான கதையென்றால் இனி அவள் அவனுக்கு அடிமை. இங்கே அவன் அந்தப் பெயரை அவளிடமே திருப்பிக் கொடுக்கிறான்: நீ தெனார். பெயரறிந்தவன் ஆளலாம் என்ற அதே கலை இங்கே விடுதலை செய்கிறது.

அத்தோடு லெ குவின் நிற்கவில்லை. 1990இல் வந்த ‘தெஹானு’வில் கெட்டின் குரு ஓகியோன் மரணப் படுக்கையில் தன் மெய்ப்பெயரைத் தெனாரிடம் சொல்கிறார், அந்தப் பெயரோடு அடங்க வேண்டும் என்பதற்காக. பிறகு இரண்டு மந்திரவாதிகள் வருகிறார்கள். தெனார் பெயரைச் சொல்கிறாள். ஒருவன், இவள் நடுத்தர வயதுக் கிராமத்துப் பொம்பிளை என்று கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மெய்ப்பெயர் சரியாகச் சொல்லப்பட்டும் அதற்கு அங்கே மதிப்பில்லை, ஏனென்றால் சொன்னவளுக்கு மதிப்பில்லை. முதல் நாவலில் பெயரின் பலம் பெயருக்குள்ளேயே இருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு, யார் வாயிலிருந்து வருகிறது என்பதிலும் அது தங்கியிருக்கிறது என்று எழுத்தாளர் கண்டுகொள்கிறார்.

7

நம் வாசகர் மனதில் இந்நேரம் ஆதம் (அலை) அவர்களின் வரலாறு வந்திருக்கும். வந்தாக வேண்டும், ஏனெனில் பெயர் பற்றிய இரண்டு வேறு பார்வைகள் அங்கே பிரிகின்றன. பைபிளின் ஆதியாகமத்தில் விலங்குகள் ஆதாமிடம் கொண்டுவரப்படுகின்றன, அவர் அவற்றுக்குப் பெயரிடுகிறார். குர்ஆனில் சூரா அல்பகராவில் அல்லாஹ் ஆதமுக்குப் பெயர்கள் எல்லாவற்றையும் கற்பிக்கிறான். மலக்குகளிடம் கேட்டபோது, நீ கற்பித்ததைத் தவிர எங்களுக்கு அறிவில்லை என்ற கருத்தில் அவர்கள் பணிகிறார்கள். முதலாவதில் மனிதன் பெயரிடுபவன். இரண்டாவதில் மனிதன் மாணவன். பெயரிட்டவன் சொந்தம் கொண்டாடலாம். கற்பிக்கப்பட்டவனுக்கு அது அமானிதம்.

லெ குவின் மதநம்பிக்கையாளர் அல்லர்; அவரை ஈர்த்தது சீனத்துத் தாவோ சிந்தனை. அவர் எதிர்வாதம் செய்தது ஆதியாகமத்தோடுதான். ‘ஷீ அன்னேம்ஸ் தெம்’ (1985) என்ற குறுங்கதையில் ஏவாள் விலங்குகளின் பெயர்களைக் கழற்றிவிட்டு, தன் பெயரையும் ஆதாமிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். பெயர் உடைமைச் சீட்டாக இருந்தால் அதைக் கிழித்துவிடலாம் என்பது அதன் தொனி. ஆனால் ஏர்த்சீயில் யாரும் மெய்ப்பெயரை உண்டாக்குவதில்லை. பெயரிடுபவர்கூட ஏற்கெனவே இருக்கும் பெயரைக் கேட்டறிந்து சொல்பவர்தான். அதனால்தான் அங்கே மந்திரவாதியின் முதல் பண்பு அடக்கம். இந்த ஒரு விஷயத்தில் அவருடைய தனிமைக் கோபுரம், அவர் அறியாமலே, நமக்குப் பழக்கமான பக்கத்தில் நிற்கிறது.

பின்னால் வந்தவர்கள் பலர் லெ குவினிடமிருந்து விதியை எடுத்தார்கள், காரணத்தை விட்டுவிட்டார்கள். பெயர் கடவுச்சொல்லாகிவிட்டது. கடைசி அத்தியாயத்தில் கிடைக்கும், சொன்னதும் அரக்கன் விழுவான். விதிவிலக்கும் உண்டு. கிறிஸ்டோபர் பவோலினியின் எரகன் வரிசையின் கடைசி நூலில் (2011), மெய்ப்பெயரால் கொடுங்கோலனுக்குக் கட்டுண்ட முர்டாக் ஒருத்திமேல் கொண்ட அன்பால் மாறிப்போகிறான். ஆள் மாறியதால் பெயரும் மாறுகிறது, கட்டும் அறுந்துவிடுகிறது. மெய்ப்பெயர் முழு அறிவு என்றால், மனிதனைப் பற்றிய முழு அறிவு நேற்றோடு முடிந்துவிடாது என்பதை இது சரியாகப் பிடித்திருக்கிறது. ஒரு மெய்ப்பெயர்க் கதை நல்லதா வெறும் பாவனையா என்று அறிய ஒரு கேள்வி போதும்: பெயரைக் கண்டுபிடித்தவன் அந்த ஆளைப் பற்றி முன்பு அறியாத எதையாவது அறிந்தானா? இல்லையென்றால் அங்கே பெயர் ஒரு பூட்டுச் சாவிதான்.

எங்களுக்கு இது கதை விஷயம் மட்டுமல்ல. இந்த நாட்டில் அடையாள அட்டையை நீட்டியவுடன், பெயரை வாசித்து, இவன் யார், எந்த ஊர், எந்தப் பக்கம் என்று ஒரு கணத்தில் தீர்மானிக்கப்பட்ட அனுபவம் எல்லாச் சமூகத்தாருக்கும் உண்டு. வாசித்தவர் கையில் இருந்தது பெயர், அவர் நினைத்துக்கொண்டதோ ஆளையே அறிந்துவிட்டதாக. தாடிக்காரன் செய்ததும் அதுதான். அவனுக்கு யெவோட் திருப்பி அடித்தது. அட்டையை நீட்டியவருக்கு அப்படித் திருப்பி அடிக்கும் வசதி இல்லை. வகுப்பறை இடாப்பில் முப்பத்தைந்து பெயரை ஒவ்வொரு காலையும் கூப்பிடுகிற எங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பெயரைக் கூப்பிட்டால் பிள்ளை எழுந்து நிற்கும். அது கட்டுப்பாடு. அந்தப் பிள்ளை யார் என்பதைத் தன் வாயால் சொல்லும் நாள் வேறு. லெ குவினின் கணக்கில் மெய்ப்பெயர் தெரிந்த நாள் அதுதான்.